புதுப்பிப்பு: 15 கட்டப் புதிர், சுழல் கணக்கு சரியானது

என் கேள்வி: "கடைசி இரு வரிசைகள் இப்படி உள்ளன, மற்றவை சரி. சுழல் நான்கு நீளம், அதனால் இரட்டை; காலியிடம் அது சேர வேண்டிய வலது கீழ் மூலையிலிருந்து ஒரு படி தள்ளி இருக்கிறது. தீர்வே இல்லையா?"

```
 9 10 15  _
13 14 12 11
```

தீர்ந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

காலியிடத்துக்கு 16 என்று பேர் வைத்து, எந்தக் கட்டத்தில் எந்த எண் என்று எழுதினால் `(11 15 12 16)` வருகிறது. நீளம் நான்கு என்பதால் இரட்டை என்றது என் தப்பு. ஒரு சுழலை உடைக்க அதன் நீளத்தைவிட ஒன்று குறைவான இடமாற்றங்கள் போதும். இங்கே மூன்று, எனவே ஒற்றை. இதைச் சொன்ன கணித ஆசிரியரின் குறிப்புதான் உதவியது.

"ஒற்றை என்றால் தீர்வு கிடையாது" என்று இன்னொருவர் எழுதியது காலியிடம் அந்த மூலையிலோ அதிலிருந்து இரட்டைப்படை படிகள் தள்ளியோ இருக்கும்போது மட்டும் சரி. ஒவ்வொரு நகர்த்தலும் 16 உடன் ஓர் இடமாற்றம். காலியிடம் ஒரு படி தள்ளி இருப்பதால் ஒற்றை எண்ணிக்கையில்தான் நகர்த்த முடியும், ஒற்றையோடு அது பொருந்துகிறது. 14-ம் 15-ம் மட்டும் மாறிய பலகையைக் கேட்ட நண்பருக்கு: அதில் காலியிடம் மூலையிலேயே இருக்கிறது, ஆனால் மாற்றம் ஒற்றை. அது தீராது.

நான் எதிர்பார்க்காதது, ஐந்தே நகர்த்தலில் முடிந்தது: 11, 12, 15, 11, 12. அப்புறம் அவற்றைச் சேர்த்துப் பார்த்தேன்:

```
(11 16)(12 16)(15 16)(11 16)(12 16)
```

வலமிருந்து படித்தால் `(11 15 12 16)`, இடமிருந்து படித்தால் அதன் தலைகீழ். எந்தப் பக்கம் வழக்கம் என்று இழையில் இருவர் இன்னும் வாதாடுகிறார்கள். ஒற்றை இரட்டை அதனால் மாறாது.