பக்கத்து ஆபீஸின் மூன்று வரிகள்: டெனன்ட் டேட்டா கசிந்த அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

ராயபுரம் டெஸ்டர்

நான் வேலை செய்யும் சின்ன கம்பெனி, கிளியரிங் ஏஜென்டுகளுக்கான மென்பொருள் செய்கிறது. தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு பக்கம்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர். எல்லோருக்கும் ஒரே டேட்டாபேஸ், ஒரே டேபிள்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு டெனன்ட், அவருடைய எண் tenant_id என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். போஸ்ட்கிரெஸின் ரோ லெவல் செக்யூரிட்டி, யாருடைய வரி யாருக்குத் தெரியலாம் என்று பார்த்துக்கொள்ளும்.

போன வருடம் ஒரு மாதக் கடைசியில் ஒரு ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஒரு அக்கா கையில் பிரிண்ட் அவுட்டோடு நேராக வந்துவிட்டார். ஜாப் லிஸ்டில் மூன்று வரிகள் அவருடையவை அல்ல. இரண்டு கட்டடம் தள்ளியிருக்கும் இன்னொரு ஏஜென்டுடையவை. இறக்குமதியாளர் பெயர், பில் ஆஃப் என்ட்ரி எண் எல்லாம் அப்படியே இருந்தன. "இது எனக்குத் தெரிகிறதென்றால் என்னுடையது அவருக்குத் தெரியுமே தம்பி" என்றார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் என் டெஸ்ட் எல்லாம் பச்சை. டெனன்ட் அ-வாக ஒரு ஜாப் போடுவேன், ஆ-வாக லாகின் செய்து அதே எண்ணைக் கேட்பேன், 404 வர வேண்டும். நாற்பது திரைகளுக்கு இதைச் செய்து வைத்திருந்தேன். மறுபடி ஓட்டினேன், மறுபடியும் பச்சை.

காரணம் பிஜிபவுன்சர், சில டேட்டாபேஸ் இணைப்புகளை எல்லோருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள். நாங்கள் டிரான்சாக்‌ஷன் முறையில் ஓட்டுகிறோம். அதாவது ஒரு டிரான்சாக்‌ஷன் முடிந்ததுமே டேட்டாபேஸ் இணைப்பு அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் கோடு முதலில் `SET app.tenant_id = '17'` என்று அனுப்பும், அப்புறம் தனியாகக் கேள்வியை அனுப்பும். இரண்டும் இரண்டு வேறு இணைப்புகளில் போய் விழலாம். இரண்டாவது இணைப்பில் ஏற்கெனவே 23 என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தால், 17-ஆவது வாடிக்கையாளருக்கு 23-இன் வரிகள் வரும். செக்யூரிட்டி பாலிசி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதற்குச் சொல்லப்பட்ட ஆள்தான் தப்பு.

டெஸ்டில் ஏன் தெரியவில்லை? பிஜிபவுன்சர் வழக்கமாகக் கடைசியாகத் திரும்பி வந்த இணைப்பையே முதலில் கொடுக்கும். என் டெஸ்ட் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அதனால் ஒவ்வொரு தடவையும் அதே இணைப்புதான் கிடைத்தது. மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும்போதுதான் கலக்கும்.

சரிசெய்தது இப்படி:

```sql
BEGIN;
SELECT set_config('app.tenant_id', '17', true);
SELECT * FROM jobs;
COMMIT;
```

அந்த `true` இருப்பதால் COMMIT-டோடு அந்த மதிப்பும் போய்விடும்.

வண்ணாரப்பேட்டை கோடர்

இதற்கு இவ்வளவு தேவையில்லை. SET என்று இருந்த இடத்தில் SET LOCAL போட்டால் முடிந்தது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ராயபுரம் டெஸ்டர்

BEGIN உள்ளே இருந்தால் நீங்கள் சொல்வது சரி. வெளியே இருந்தால் போஸ்ட்கிரெஸ் ஒரு எச்சரிக்கையை மட்டும் லாக்கில் எழுதிவிட்டு SET LOCAL-ஐக் கண்டுகொள்ளாது. பழைய SET எங்காவது ஒரு மூலையில் மிச்சமிருந்தால், அது விட்டுப்போன எண்ணில் உங்கள் கேள்வி ஓடும். லாக்கில் ‘SET LOCAL can only be used in transaction blocks’ என்று தேடிப் பாருங்கள்.

காசிமேடு மொத்த வியாபாரம்

எங்களுக்கும் இதே கதைதான். காசிமேடு கிளையில் போட்ட பில் திருவொற்றியூர் கிளைப் பையனுக்குத் தெரிகிறது. மென்பொருள்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

பழைய டிபிஏ

அண்ணாச்சி, உங்கள் இரண்டு கிளையும் ஒரே கணக்கு. அது உள்ளே யாருக்கு எந்த அனுமதி என்கிற விஷயம், அவரைச் செட்டிங்கில் மாற்றித் தரச் சொல்லுங்கள். இங்கே பேசுவது உங்கள் பில் வேறொரு வியாபாரிக்குத் தெரிவது.

டெஸ்டர் தம்பிக்கு ஒரு கேள்வி. சரிசெய்த பிறகு கசியவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பழைய டெஸ்டும் பச்சைதானே காட்டியது.

ராயபுரம் டெஸ்டர்

அதைத்தான் அடுத்து எழுத இருந்தேன் சார். டெஸ்ட் சர்வரில் பிஜிபவுன்சர் வைத்துக்கொள்ளும் இணைப்புகளின் எண்ணிக்கையான `default_pool_size`-ஐ 2 ஆக்கினேன். பத்து டெனன்ட், இருபது வேலையாட்கள் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். ஒவ்வொரு டெனன்டுக்கும் ஒரு குறிச்சொல் உண்டு, ZQ07 மாதிரி. அந்த டெனன்டின் இறக்குமதியாளர் பெயர், குறிப்பு, கோப்புப் பெயர் என எழுத்து வரும் எல்லா இடத்திலும் அது இருக்கும். எந்தப் பதில் வந்தாலும் அதில் மற்ற ஒன்பது குறிச்சொற்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுவோம். எந்தத் திரை, எந்த எண் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டியதில்லை.

பழைய கோடை ஒரு தனிக் கிளையில் அப்படியே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் அதன்மேலும் இதை ஓட்டுவோம். அது சிவப்பாக வர வேண்டும். முதல் தடவை ஓட்டியபோது ஒரு நிமிடத்துக்குள் சிவந்தது. அது பச்சையாக வந்தால் டெஸ்ட் செத்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய டிபிஏ

நல்லது. இன்னொன்றையும் உடைத்துப் பாருங்கள். டெஸ்ட் எந்தப் பயனர் பெயரில் டேட்டாபேஸுக்குள் போகிறது? டேபிளின் சொந்தக்காரராகப் போனால் பாலிசி அவரைத் தடுக்காது, `FORCE ROW LEVEL SECURITY` போட்டால்தான் தடுக்கும். சூப்பர் யூசரை அதுவும் தடுக்காது. நான் பார்த்த ஒரு இடத்தில் டெஸ்ட் சரியான பயனரில் ஓடியது, உண்மையான சர்வர் சொந்தக்காரரில் ஓடியது. கோடில் இருந்த WHERE மட்டும்தான் அத்தனை நாளும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

தண்டையார்பேட்டை மீனா

எங்களுக்கு ஒரு வரிகூட வெளியே தெரியாமலேயே கசிந்தது. இறக்குமதியாளரின் ஐஇசி எண்ணுக்கு யுனிக் இண்டெக்ஸ் போட்டிருந்தோம், tenant_id சேர்க்காமல். புது வாடிக்கையாளர் ஒருவர் தன் இறக்குமதியாளரைப் பதியப் போனால் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று வந்தது. அந்தப் பார்ட்டி வேறு ஏஜென்டிடமும் போகிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. யுனிக் சோதனை எல்லா வரிகளையும் பார்க்கும், பாலிசி அதை மறைக்காது. இரண்டையும் சேர்த்து யுனிக் ஆக்கினோம். டெஸ்டர் அண்ணா, உங்கள் குறிச்சொல் முறை இதைப் பிடிக்காதே?

ராயபுரம் டெஸ்டர்

பிடிக்காது. பதிலில் அடுத்தவர் எழுத்தே இல்லையே. ஒரே ஐஇசி எண்ணை இரண்டு டெனன்டிலும் பதிந்து, இரண்டும் ஏற்கப்படுகிறதா என்று தனியாக ஒரு டெஸ்ட் எழுத வேண்டும். இன்றே சேர்க்கிறேன்.

வண்ணாரப்பேட்டை கோடர்

ஆளுக்கு ஒரு டேட்டாபேஸ் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

பழைய டிபிஏ

இருநூறு டேட்டாபேஸிலும் டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்கும் இரவை நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் எந்த டேட்டாபேஸுக்குப் போவது என்று ஒரு கோடுதானே முடிவு செய்கிறது? அந்தக் கோடு தப்பினால் ஒரு வரி இல்லை, மொத்தமும் போகும். ஆனால் பேக்கப்பைத் தனியாக எடுத்துத் தர அது வசதி. எது மேல் என்று எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை.

தண்டையார்பேட்டை மீனா

நேற்று ராத்திரி `default_pool_size` 2 வைத்து ஓட்டினேன். திரைகள் எல்லாம் பச்சை. எக்ஸெல் டவுன்லோடில் நான்கு சிவப்பு. பின்னால் ஓடும் ஒர்க்கர் தொடங்கும்போது ஒரு தடவை SET செய்கிறது, அப்புறம் வரிசையில் வரும் எல்லோருடைய கோப்பையும் அதே எண்ணில் செய்கிறது. கோப்பு எங்கள் சேமிப்பிடத்தில் எத்தனை நாள் கிடக்கும், யார் யார் எடுத்தார்கள் என்று இப்போது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளரிடம் எப்படிச் சொன்னீர்கள் அண்ணா?

ராயபுரம் டெஸ்டர்

எடுத்தது யார், எந்த நாள், எத்தனை வரி என்று பட்டியல் தயாரான பிறகு இரண்டு ஆபீஸுக்கும் அன்றே நேரில் போனோம். போனில் சொல்லவில்லை. லாக்கை முதலில் பிரதி எடுத்து வையுங்கள், அது சுழன்று அழிந்துவிடும்.