மேனேஜருக்குப் பிறந்தநாள் வாழ்த்து: அன்பும் தெரியணும், அளவும் தாண்டக் கூடாது

மேட்டுப்பாளையம்_ஷிஃப்ட்:
புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில தர ஆய்வுப் பிரிவுல வேலை. எங்க மேனேஜர் மேடத்துக்கு நவம்பர் 1 பிறந்தநாள். நாலு மாசம் முன்னாடிதான் வந்தாங்க, கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து தினமும் வர்றாங்க. வாட்ஸ்அப்ல தனியா அனுப்ப இப்படி எழுதி வச்சிருக்கேன்:

"என் அன்பான மேடத்துக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! நீங்க எங்களுக்கு மேனேஜர் மட்டும் இல்ல, அம்மா மாதிரி. இன்னிக்கு மாதிரியே என்னிக்கும் இளமையா, அழகா இருக்கணும். வர்ற வருஷமும் உங்க ஆதரவு எங்களுக்கு வேணும்."

கூடவே ரெண்டு சிவப்பு இதயம், ஒரு ரோஜா. ஏதோ இடிக்குது. எதுன்னு தெரியல. இந்த மாதிரி அனுப்பினவங்க, வாங்கினவங்க சொல்லுங்க.

வில்லியனூர்_நண்பன்:
தமிழ்ல எழுதினாலே குழைவு வந்துடும் தோழர். "ஹேப்பி பர்த்டே மேம்"னு ரெண்டே வார்த்தை, சரியா ராத்திரி 12 மணிக்கு. முதல் வாழ்த்து உங்களோடதா இருந்தா மறக்க மாட்டாங்க.

நெல்லிக்குப்பம்_மனிதவளம்:
சுருக்கமாக இருக்கட்டும் என்றவரை நண்பர் சொல்வது சரி. 12 மணி கூடவே கூடாது. அந்த நேரம் வீட்டுக்காரர்களுக்கும் நெருங்கிய நட்புக்கும் உரியது. கீழே வேலை பார்ப்பவரின் பெயர் நள்ளிரவில் போனில் ஒளிர்ந்தால், லைனில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைப்பார்கள். வாழ்த்து என்று தெரிந்த பிறகு, இவர் ஏன் இதற்காக விழித்திருந்தார் என்ற கேள்வி வரும். பக்கத்தில் இருப்பவர்களும் கேட்பார்கள். காலை எட்டரை முதல் பத்துக்குள் அனுப்புவது உத்தமம்.

இனி உங்கள் வரிகளுக்கு வருகிறேன். போன் பூட்டியிருந்தாலும் திரையில் செய்தியின் முதல் சில சொற்கள் தெரியும் என்பதை மனதில் வையுங்கள். மேசை மேல் கிடக்கும் போனில் "என் அன்பான" என்று மட்டும் தெரிந்தால் என்ன ஆகும்? அதனால் தொடக்கம் "காலை வணக்கம் மேடம்" என்று இருக்கட்டும்.

"அம்மா மாதிரி" என்பதில் இரண்டு சிக்கல். அவர் உங்களைவிடப் பத்து வயது மூத்தவராகவே இருந்தாலும் அது வயதை ஏற்றிச் சொல்வது போல் இருக்கும். அடுத்த மாதம் நீங்கள் பாஸ் செய்த பாகத்தை அவர் திருப்பி அனுப்ப வேண்டி வரலாம், விளக்கம் கேட்டு எழுத வேண்டி வரலாம். அம்மா என்று எழுத்தில் அழைத்தவரிடம் அதைச் செய்வது அவருக்குத்தான் சங்கடம்.

"இளமையா, அழகா" இரண்டையும் எடுத்துவிடுங்கள். நல்ல எண்ணத்தில் எழுதியது என்பது உங்களுக்குத் தெரியும். படிப்பவருக்குத் தெரிவது தோற்றத்தைப் பற்றிய ஒரு கருத்து. ஆண் மேனேஜருக்கும் இதே கணக்குத்தான். சிவப்பு இதயமும் ரோஜாவும் இதோடு சேர்ந்தே போகட்டும். ஒரு கேக் படம் இருந்தால் யாருக்கும் உறுத்தாது.

கடைசி வரிதான் மெல்லிய பொறி. "வர்ற வருஷமும் உங்க ஆதரவு வேணும்" என்றால் வாழ்த்து விண்ணப்பமாகிவிடுகிறது. சம்பள உயர்வு பேசும் மாதத்துக்குப் பக்கத்தில் பிறந்தநாள் வந்தால் அந்த வரி வேறு மாதிரியே படிக்கப்படும்.

மேட்டுப்பாளையம்_ஷிஃப்ட்:
அப்போ எல்லாத்தையும் எடுத்துட்டா "வாழ்த்துகள்" மட்டும்தான் மிச்சம். அது மொட்டையா இருக்காதா?

திருப்பாதிரிப்புலியூர்_எழுத்தர்:
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? எங்க ஆபீஸ்ல தலைக்கு 200 ரூபாய் வசூல் பண்ணி சால்வை, கேக், ஒரு வெள்ளி விளக்கு. எல்லாரும் நின்னு ஒரு போட்டோ. அவ்வளவுதான், யாரும் தனித்தனியா எழுத வேண்டாம். நீங்க அன்பளிப்பு என்ன வாங்கறதுன்னு யோசிங்க.

நெல்லிக்குப்பம்_மனிதவளம்:
ஐயா, அவர் கேட்டது வாழ்த்துச் செய்தி. ஆனாலும் நீங்கள் எடுத்ததால் ஒரு வார்த்தை. உங்களுடையது தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் 1973-ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் இருக்கின்றன. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள். அதில் 13-வது விதி அன்பளிப்பைப் பற்றியது. ஒரு வேளைச் சாப்பாடு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது போன்ற சாதாரண உபசரிப்பை அது அன்பளிப்பாகக் கொள்வதில்லை. வெள்ளி விளக்கு அந்த வகையில் சேராது. தலைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து வசூலிப்பது அதைவிட மோசம். கொடுக்க மனமில்லாதவரும் பெயர்ப் பட்டியலுக்குப் பயந்து கொடுப்பார். வாங்கும் அதிகாரிக்குத்தான் அது ஆபத்து.

திருப்பாதிரிப்புலியூர்_எழுத்தர்:
வருஷா வருஷம் நடக்குது. யாரும் கேட்டதில்லை.

நெல்லிக்குப்பம்_மனிதவளம்:
யாராவது புகார் எழுதும் வரை கேட்க மாட்டார்கள். சரி, தம்பியின் கேள்விக்கு.

மொட்டையாக இல்லாமல் இருக்க ஒரே ஒரு வரி போதும். அந்த வரி அவர் செய்த ஒரு வேலையைப் பற்றி இருக்க வேண்டும், குணத்தைப் பற்றி அல்ல. "நீங்க தங்கமானவங்க" என்பதை யாருக்கும் யாரும் எழுதலாம். அவர் வந்த பிறகு வேலையில் என்ன மாறியது? உங்கள் கண்ணில் பட்டதாக, நடந்து முடிந்ததாக, மற்றவர்களுக்கும் தெரிந்ததாக ஒன்றைச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் அவர் செய்த உதவியை எழுதாதீர்கள். லீவு கொடுத்தது, தாமதமாக வந்ததை விட்டுக்கொடுத்தது எல்லாம் எழுத்தில் வந்தால் அவருக்குத் தலைவலி.

மேட்டுப்பாளையம்_ஷிஃப்ட்:
ஒண்ணு இருக்கு. முன்னாடி ஷிஃப்ட் மாறும்போது கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடுவோம். இவங்க வந்ததும் ரெண்டு ஷிஃப்ட்டும் பத்து நிமிஷம் சேர்ந்து நின்னு, எந்தப் பாகம் ஏன் ஒதுக்கி வச்சிருக்குன்னு பேசணும்னு கொண்டுவந்தாங்க. ராத்திரி ஷிஃப்ட்ல ஒரே பாகத்தை மறுபடி அளக்குற வேலை குறைஞ்சுது.

நெல்லிக்குப்பம்_மனிதவளம்:
அதுவேதான். இப்படி எழுதிப் பாருங்கள்:

"காலை வணக்கம் மேடம். இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு குழுவும் சேர்ந்து பேசும் முறையை நீங்கள் கொண்டுவந்த பிறகு இரவு வேலை எங்களுக்கு எளிதாகியிருக்கிறது. நல்ல உடல்நலத்தோடும் மகிழ்ச்சியோடும் இருக்க வேண்டுகிறேன்."

கீழே உங்கள் பெயர், பிரிவு. நாலு மாதம்தான் ஆகிறது, உங்கள் எண்ணை அவர் பதிந்து வைத்திருக்காமல் இருக்கலாம். படித்துவிட்டு "நன்றி" என்று ஒரே சொல்லில் அவர் முடித்துக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அளவு சரி. "இன்னிக்கு என்ன ஸ்பெஷல் மேடம்?", "ட்ரீட் எப்போ?" என்று கேள்வியில் முடித்தால் பதில் சொல்லும் கடமையை அவர் தலையில் வைக்கிறீர்கள்.

அனுப்புவதற்கு முன் அந்த உரையாடலில் மேலே கடைசியாக என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். பதில் வராத லீவு விண்ணப்பத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தால், எவ்வளவு நல்ல வாழ்த்தும் நினைவூட்டலாகத்தான் படும். அப்படி இருந்தால் எழுத வேண்டாம், நேரில் சொல்லிவிடுங்கள்.

பாகூர்_பேருந்து:
தேதியை யாரும் கேக்கலையே. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், 1954-ல பிரெஞ்சு நிர்வாகம் கைமாறின நாள். இங்க விடுமுறை, கடலூர்ல கிடையாது. அவங்க வீட்டுல பிள்ளைங்க ஸ்கூல் கிளம்புற அவசரத்துல எட்டரைக்கு போன் பாக்க நேரம் இருக்காது. பத்து மணி வாக்குல அனுப்புங்க. லீவு நாள்ங்கறதால "வாழ்த்துகள்" தவிர ஆபீஸ் பேச்சு ஒண்ணும் வேண்டாம்.

இன்னொண்ணு, அந்தத் தேதி எங்க கிடைச்சுது? ஆபீஸ் ரெக்கார்டா? நம்ம பக்கம் ஸ்கூல்ல சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பாதிப் பேருக்கு சர்ட்டிபிகேட்ல இருக்கு. ஜூன் மாசத் தேதின்னா எனக்குச் சந்தேகமே வரும். சில வீட்டுல நட்சத்திரம் பாத்துதான் கொண்டாடுவாங்க. சில பேர் கொண்டாடவே மாட்டாங்க.

மேட்டுப்பாளையம்_ஷிஃப்ட்:
தேதி நோட்டீஸ் போர்டுல நவம்பர் மாசப் பிறந்தநாள் பட்டியல்ல இருந்தது. லீவுங்கறது தோணவே இல்ல. அப்போ முந்தின நாளே நேர்ல சொல்லிடவா?

பாகூர்_பேருந்து:
முன்கூட்டி வேண்டாம். பெரியவங்க சிலபேர் அதை விரும்ப மாட்டாங்க. அன்னிக்கு மெசேஜ், அடுத்த வேலை நாள்ல பாக்கும்போது ஒரு வணக்கம்.

நெல்லிக்குப்பம்_மனிதவளம்:
போர்டில் போட்டிருந்தால் தயக்கம் வேண்டாம். வேறு வழியில் தெரிந்த தேதி என்றால், ஃபேஸ்புக்கில் தோண்டிப் பார்த்தது என்றால், அமைதியாக இருப்பதே மரியாதை. ஷிஃப்ட் வரியைப் பற்றி பாகூர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. அது வேலை கேட்பது இல்லை, வேலையைப் பாராட்டுவது. விடுமுறையில் படித்தாலும் சுமை ஆகாது.

லாஸ்பேட்டை_கணக்கு:
குரூப்பில் போடுவதா தனியாக அனுப்புவதா என்று யாரும் பேசவில்லை. எங்கள் இடத்தில் குரூப்பில் ஒருவர் ஆரம்பித்தால் இருபது பேர் அதையே நகலெடுத்து ஒட்டுகிறார்கள். ரோஜாப் படம் வேறு, மேலே "ஃபார்வர்டு" என்ற குறியோடு. வாங்குபவருக்கு எல்லாருக்கும் நன்றி சொல்லவே அரை நாள் போகிறது.

நெல்லிக்குப்பம்_மனிதவளம்:
குரூப்பில் வாழ்த்துவது அவர்கள் வழக்கமென்றால் அங்கே ஒரு வரி, வேலையைப் பற்றிய வரி இல்லாமல். அதை குரூப்பில் போட்டால் மற்ற பதினைந்து பேருக்கு அது காக்காய் பிடிப்பதாகத் தெரியும். தனியாகவும் அனுப்பலாம், ஒரே செய்தியை இரண்டு இடத்தில் போடாதீர்கள்.

வில்லியனூர்_நண்பன்:
எங்க லைன்ல எல்லாரும் எங்க மேனேஜரை அக்கானுதான் கூப்பிடுறோம். திடீர்னு "மேடம்"னு எழுதினா கோவமான்னு கேப்பாங்களே?

நெல்லிக்குப்பம்_மனிதவளம்:
நல்ல கேள்வி. தினமும் முகத்துக்கு நேரே எப்படி அழைக்கிறீர்களோ அப்படியே எழுதுங்கள். அக்கா என்று அவர் ஏற்றுக்கொண்ட இடத்தில் அக்கா சரி. பிறந்தநாளுக்காகப் புதிதாக உறவு முறை தொடங்குவதுதான் தவறு.

லாஸ்பேட்டை_கணக்கு:
அக்கா சரி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேச்சு காற்றோடு போகும், எழுத்து அப்படியே இருக்கும். நாளைக்கு வேறு ஒருவர் அந்தச் செய்தியைப் படித்தால்?

மேட்டுப்பாளையம்_ஷிஃப்ட்:
எங்க இடத்துல மேடம்தான், அதனால எனக்குப் பிரச்சினை இல்ல. "வேண்டுகிறேன்" கொஞ்சம் கோயில் வாசனை அடிக்குது. "வாழ்த்துகிறேன்"னு மாத்தவா? அவங்க வயசுல பெரியவங்க.

பாகூர்_பேருந்து:
அதுக்குத்தான் வேண்டுகிறேன். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்"னு பேனர்ல போடுற அளவுக்குப் போகாம இருந்தா சரி.

மேட்டுப்பாளையம்_ஷிஃப்ட்:
"இருக்க விரும்புகிறேன்"னா?

நெல்லிக்குப்பம்_மனிதவளம்:
அப்படி எழுதினால் மகிழ்ச்சியாக இருக்க நீங்கள் விரும்புவதாகிவிடும்! "நீங்கள் நல்ல உடல்நலத்தோடு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்" என்று முடியுங்கள். அனுப்பிய பிறகு பிழை கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும். அழித்துவிட்டு மறுபடி அனுப்பாதீர்கள், அழித்த தடம் அங்கேயே நிற்கும், என்ன எழுதி அழித்தீர்கள் என்று அவர் யோசிப்பார்.