எம்.எட். வாய்மொழித் தேர்வு: முன்தேர்விலேயே இரு குழுவுக்கும் வித்தியாசம், என்ன சொல்வது?

கரும்பலகை:
வரும் வியாழக்கிழமை எனக்கு வாய்மொழித் தேர்வு. ஏழாம் வகுப்பில் பின்னங்களைச் செயல்பாட்டு முறையில் கற்பித்ததுதான் ஆய்வு. ‘அ’ பிரிவு (32 பேர்) சோதனைக் குழு, ‘ஆ’ பிரிவு (30 பேர்) கட்டுப்பாட்டுக் குழு. மொத்தம் 30 மதிப்பெண். முன்தேர்வில் சராசரி 14.2, 11.9. பின்தேர்வில் 21.6, 16.8. முன்தேர்வு டி-மதிப்பு 1.81, அட்டவணை மதிப்பு 2.00. எனவே ‘இரு குழுக்களும் சமமானவை’ என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். பின்தேர்வு டி-மதிப்பு 3.63. புறத்தேர்வாளர் இதைப் பிடித்துக்கொள்வார் என்று சக மாணவி பயமுறுத்துகிறார். பத்து நிமிடம் பேச 22 ஸ்லைடு தயாரித்துள்ளேன். எதை வெட்டலாம்?

பின்வரிசை:
ஒவ்வொரு குழுவிலும் 30 பேர் இருந்தாலே போதும், கவலைப்படாதீர்கள். 1.81 என்பது 2.00-ஐவிடக் குறைவு, ஆகவே வேறுபாடு இல்லை. தைரியமாகச் சொல்லுங்கள்.

தாமரைக்குளம்:
கணக்கு சரி, முடிவு சரியில்லை, தம்பி. 1.81 சொல்வது ‘வேறுபாட்டை நிறுவப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை’ என்பது மட்டுமே. ‘சமம்’ என்று அது சொல்லவில்லை. 2.3 மதிப்பெண் இடைவெளி கண்ணெதிரே நிற்கிறதே! நான் தேர்வாளராக உட்கார்ந்தால் முதல் கேள்வியே இதுதான்: “பின்தேர்வில் தெரியும் 4.8 வித்தியாசத்தில் உங்கள் கற்பித்தல் தந்தது எவ்வளவு, ‘அ’ பிரிவு ஏற்கெனவே கொண்டுவந்தது எவ்வளவு?”

கரும்பலகை, இதற்கு உங்களிடமே விடை இருக்கிறது. ‘அ’ பிரிவின் வளர்ச்சி 7.4, ‘ஆ’ பிரிவின் வளர்ச்சி 4.9. வித்தியாசம் 2.5. 4.8-ஐவிடச் சிறியது, ஆனால் நேர்மையானது. சராசரிகளைக் கழித்தால் மட்டும் போதாது; ஒவ்வொரு மாணவருக்கும் பின்தேர்விலிருந்து முன்தேர்வைக் கழித்து, எக்செல்லில் ‘அ’ பிரிவை E நிரலிலும் ‘ஆ’ பிரிவை F நிரலிலும் இட்டு இதைப் போடுங்கள்:

```
=T.TEST(E2:E33,F2:F31,2,2)
```

வருவது டி-மதிப்பு அல்ல, நிகழ்தகவு. 0.05-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சியில் வேறுபாடு உண்டு என்று சொல்லலாம்.

நெய்தல்:
என்னுடையது ஆசிரியர் மனப்பான்மை பற்றிய வினாத்தாள் ஆய்வு. என்னிடம் அரைமணி நேரமும் கருவியின் நம்பகத்தன்மை பற்றியே கேட்டார்கள், டி-சோதனைப் பக்கமே வரவில்லை. உங்கள் வினாத்தாளை வேறொரு பள்ளியில் முன்னோட்டம் பார்த்தீர்களா? அந்த ஸ்லைடை முதலில் வையுங்கள்.

கரும்பலகை:
முன்னோட்டம் பார்த்தேன் அக்கா, அந்த ஸ்லைடு இருக்கிறது. தாமரைக்குளம் ஐயா, போட்டுப் பார்த்தேன்: 0.017 வந்தது.

தாமரைக்குளம்:
நல்லது. புறத்தேர்வாளர் விடாமல், “முன்தேர்வைக் கட்டுப்படுத்தி உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு ஏன் செய்யவில்லை?” என்று கேட்கலாம். அதன் கருத்தையாவது தெரிந்துகொண்டு போங்கள். முன்தேர்வில் ஒரு மதிப்பெண் கூடினால் பின்தேர்வில் சராசரியாக 0.7 கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.3 இடைவெளிக்கு 1.6 போகும், 4.8-இல் மிச்சம் 3.2. இந்த 0.7 என் ஊகம், உங்கள் தரவில் வேறாக இருக்கும்.

ஆனால் எந்தக் கணக்கும் தீர்க்காத ஒன்று உண்டு. மாணவர்களைக் குலுக்கிப் பிரிக்கவில்லை, இரண்டு பிரிவுகளை அப்படியே எடுத்தீர்கள். இரண்டுக்கும் பாடம் எடுத்தது ஒரே ஆசிரியரா?

கரும்பலகை:
இல்லை. ‘அ’ பிரிவுக்கு நான், ‘ஆ’ பிரிவுக்கு அப்பள்ளிக் கணித ஆசிரியை.

தாமரைக்குளம்:
அப்படியானால் முறையின் விளைவையும் ஆசிரியரின் விளைவையும் பிரிக்கவே முடியாது. அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் வரம்புகள் ஸ்லைடில் முதல் வரியாக நீங்களே எழுதிவிடுங்கள். மழுப்பினால் கிளறுவார்.

22 ஸ்லைடு பத்து நிமிடத்துக்கு ஆகாது, 10 போதும். தலைப்பு, சிக்கல், நோக்கமும் கருதுகோளும், மாதிரி, கருவி என ஐந்து. இவற்றை மூன்று நிமிடத்தில் கடந்துவிடுங்கள். பிறகு முன்தேர்வுக்கு ஒன்று, பின்தேர்வுக்கு ஒன்று, வளர்ச்சிக்கு ஒன்று: உங்கள் நேரமெல்லாம் இங்கேதான். கடைசியில் வரம்புகளும் பரிந்துரையும். கல்வி வல்லுநர் வரையறைகள், முந்தைய ஆய்வுகளின் பட்டியல் எல்லாம் ஆய்வேட்டில் இருக்கின்றன, திரையில் வேண்டாம். முன்தேர்வு ஸ்லைடில் ‘சமம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு இரு சராசரிகளையும் டி-மதிப்பையும் மட்டும் போடுங்கள்.

நெய்தல்:
ஒரு நிமிடம். வளர்ச்சிக் கணக்கு சமர்ப்பித்த ஆய்வேட்டில் இல்லையே? இல்லாததைத் திரையில் காட்டினால் “இது எங்கே இருக்கிறது?” என்று கேட்கமாட்டார்களா? எங்கள் துறையில் ஒருவருக்கு அதற்காகவே திருத்தம் எழுதினார்கள்.

பின்வரிசை:
நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொள்ளலாம். கேட்டால் திறக்கலாம்.

தாமரைக்குளம்:
நெய்தல் சொல்வதில் நியாயம் உண்டு. நான் முன்னாலேயே காட்டச் சொல்வேன், சிலர் ஒப்பமாட்டார்கள். நெறியாளரைக் கேட்காமல் எதையும் சேர்க்கவேண்டாம்.

கரும்பலகை:
கேட்டேன். “ஆய்வேட்டில் உள்ளதை மட்டும் பேசு” என்கிறார். ஸ்லைடுகளைப் பத்தாகக் குறைத்துவிட்டேன், வரம்பில் ஆசிரியர் வேறுபாட்டை எழுதிவிட்டேன். வளர்ச்சி ஸ்லைடை நன்றிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அதற்கும் அவர் இன்னும் சரி சொல்லவில்லை.