42 போடுகிறவன் 40 வாங்கலாமா?

பாளை சுரேஷ்: பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு உள்ளரங்க கிளைம்பிங் சுவரில் இரண்டு மாதமாக ஏறுகிறேன். வாடகை ஷூ நாறுகிறது. வெளியே போடும் ஷூ அளவு 42. நெட்டில் முனை கீழே வளைந்த, மெல்லிய ரப்பர் ஷூ ஒன்று 40இல் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வள்ளியூர் ஜெபா: தாராளமாக வாங்குங்கள். நானும் இரண்டு அளவு குறைத்துத்தான் வாங்கினேன். முதல் வாரம் உயிர் போனது, மூன்றாம் மாதம் செருப்பு மாதிரி ஆகிவிட்டது. ஷூ இளகும்.

அம்பை அண்ணாச்சி: ஜெபா, உங்களுடையது உள்ளே துணி வைக்காத தோல் ஷூவாக இருக்கும். அது ஒரு அளவு வரைக்கும் இளகும். செயற்கைத் தோல் அரை அளவு இளகினாலே பெரிய விஷயம். சுரேஷ், அது எந்தத் தோல் என்று முதலில் பாருங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் ஏறும் சுவர் எப்படி இருக்கிறது?

பாளை சுரேஷ்: செயற்கைத் தோல்தான் அண்ணாச்சி. சுவர் முக்கால்வாசி நேர்ச்சுவர். ஓரத்தில் ஒரு பலகை மட்டும் நம் பக்கம் சாய்ந்திருக்கும். அதில் இன்னும் ஏறவில்லை.

உடன்குடி ராஜன்: எங்கள் தாத்தா வெறுங்காலில் தளைநார் போட்டுப் பனை ஏறினவர். அவருக்கு எந்த ஷூ இருந்தது? காலைக் கொல்லாதீர்கள் தம்பி, பெரிய அளவாக வாங்கி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்பை அண்ணாச்சி: பனையில் இரண்டு காலும் மரத்தை அணைத்திருக்கும், தளைநார் விடாது. இங்கே பெருவிரல் நுனி மட்டும் சுவரில் பொருத்திய பிடி, அதாவது ஒரு சின்ன ஹோல்டில் நிற்க வேண்டும். ஷூ பெரிதாக இருந்தால் அது ஹோல்டிலேயே நிற்கும், உள்ளே கால் திரும்பி வழுக்கும். அதனால் இறுக்கம் வேண்டும்.

ஆனால் முனை வளைந்த ஷூ, சாய்ந்த பலகையில் ஹோல்டைக் காலால் கொக்கி போல இழுப்பதற்குச் செய்தது. நேர்ச்சுவரில் உள்ளங்காலை அப்பி நிற்கும்போது நடுப்பாதம் சுவரைத் தொடாது. பெருவிரல் கணு மடங்கியே இருப்பதால் பத்து நிமிடத்தில் கழற்றத் தோன்றும். வலிக்கிற காலை எவனும் நம்பி ஊன்றமாட்டான், கையால்தான் தொங்குவான். இப்போதைக்குத் தட்டையானது போதும்.

வள்ளியூர் ஜெபா: தட்டை ஷூ சரி, ஒப்புக்கொள்கிறேன். ரப்பரிலாவது கஞ்சத்தனம் வேண்டாம். விப்ராம் கம்பெனியின் எக்ஸ்எஸ் கிரிப் 2 மாதிரி மென்மையான அடி ரப்பர் பசை போல ஒட்டும்.

அம்பை அண்ணாச்சி: ஒட்டும், மறுக்கவில்லை. வழவழப்பான பெரிய ஹோல்டில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் புதிதாக ஏறுகிறவன் காலை வைத்த இடத்தில் வைக்காமல் சுவரில் இழுத்துக்கொண்டே போவான். மூன்றரை மில்லிமீட்டர் மென் ரப்பர் பெருவிரல் ஓரத்தில்தான் முதலில் தேயும். அடி ரப்பர் போய், முனையைச் சுற்றிய மெல்லிய பட்டை தெரிய ஆரம்பித்தால் உடனே அடி மாற்றக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டையும் ஓட்டையானால் செலவு ஏறும். நம் ஊரில் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். ஐந்து மில்லிமீட்டர் கெட்டி ரப்பர் வாங்கி, ஏறும் முன் ஈரத்துணியால் துடையுங்கள். பாதி வழுக்கல் தூசியால் வருவது.

வள்ளியூர் ஜெபா: கெட்டி ரப்பரில் கால் வழுக்கிப் பயந்தே ஏறுவதை விட, தேய்ந்தால் தேயட்டும்.

பாளை சுரேஷ்: 40ஐ விட்டுவிட்டேன். வேறு ஒரு தட்டை ஷூ, ஒட்டும் பட்டை வைத்தது, 41இலும் 41.5இலும் வரவழைத்தேன். சுவரில் போடவில்லை, வீட்டில்தான் போட்டுப் பார்த்தேன். காலையில் 41 சரியாக இருந்தது. சாயங்காலம் அதே ஷூவில் சுண்டுவிரல் மரத்துப்போனது. 41.5இல் குதிகாலில் இடைவெளி.

அம்பை அண்ணாச்சி: சாயங்காலம் பார்த்தது நல்லது, அப்போது கால் வீங்கியிருக்கும். விரல்கள் முனையைத் தொட்டு லேசாக மடங்கினால் போதும். அழுத்தம் இருக்கலாம், ஊசி குத்துகிற வலியும் மரத்துப்போவதும் கூடாது. இங்கே குறை அளவில் இல்லை, அகலத்தில். உங்கள் முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி. இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டு, கயிறு கட்டும் ஷூ, முன்பக்கம் அகலமானது 41இல் பாருங்கள். விரல் பக்கம் தளர்த்தி, மேலே இறுக்கலாம். படி விளிம்பில் பெருவிரலால் நின்று, குதிகால் கழன்று வருகிறதா என்று பாருங்கள்.

உடன்குடி ராஜன்: அப்போ சாக்ஸ்?

பாளை சுரேஷ்: வேண்டாம் அண்ணே. கயிறு ஷூ வந்துவிட்டது. மாடிப்படியில் ஐந்து நிமிடம் நின்றேன், மரக்கவில்லை, குதிகாலும் அசையவில்லை. ரப்பர் கெட்டிதான். எங்கள் சுவருக்குத் தகரக் கூரை, மே மாத மதியம் உள்ளே அனல். அந்தச் சூட்டில் ரப்பர் எப்படி?

அம்பை அண்ணாச்சி: சூட்டில் மென் ரப்பர் இன்னும் இளகி, சின்ன விளிம்பில் மடங்கும். கெட்டிக்கு அது குறைவு.

வள்ளியூர் ஜெபா: நான் அதே வெயிலில்தான் ஏறுகிறேன், எனக்கு மடங்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தச் சாய்ந்த பலகையில் பார்க்கலாம், சுரேஷ்.