புதுப்பிப்பு: அளவுத் தளர்வு கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது

முன்பு நான் கேட்டது: “வாடிக்கையாளர் ஒரு பாகத்தின் 40 மி.மீ. வெளிவிட்டத்துக்கு ±0.02 கேட்கிறார். அந்த வெளிப்புறம் வேறு எந்தப் பாகத்தோடும் பொருந்துவதில்லை. தளர்த்தும்படி எப்படி எழுதுவது?”

விலையைக் குறைத்துக் கொடுக்கும்படி ஒரு நண்பர் சொன்னார். என் கேள்வி அதுவல்ல. “வேறு எதையும் தொடாத பக்கத்துக்கு எவ்வளவு தளர்வும் கேட்கலாம்” என்றார் இன்னொருவர். அது பாதிதான் சரி. அச்சு வார்ப்புத் துறையில் முப்பது ஆண்டு இருந்த அண்ணன்தான் கேட்டார்: “தம்பி, அந்தப் பாகம் சுழலுமா?” சுழலும். விட்டம் தளரலாம்; ஆனால் துளையோடு மையம் விலகினால் அதிர்வு வரும்.

ஆகவே காக்கி புக்கிட் பட்டறையிலிருந்து இப்படி எழுதினேன்: “தண்டு நுழையும் துளையின் அளவு மாறாது. வெளிவிட்டத்தை மட்டும் ±0.15 ஆக ஏற்க வேண்டுகிறோம். இது ஐஎஸ்ஓ 2768இன் நுண் வகுப்பு. துளையையும் வெளிப்புறத்தையும் ஒரே பிடிப்பில் கடைவதால் மையம் விலகாது. கிரைண்டிங் தேவைப்படாது, அந்தச் செலவைக் கழித்துவிடுகிறோம். ஐந்து மாதிரிகளின் அளவீட்டுத் தாளை இணைத்துள்ளோம்.”

வாடிக்கையாளரின் பொறியாளர் ஒப்புக்கொண்டார், ஆனால் இந்த 200 பாகங்களுக்கு மட்டும். வரைபடத்தைத் திருத்துவது பற்றி இன்னும் பதில் இல்லை. திருத்தாவிட்டால் அடுத்த ஆர்டரில் பழைய ±0.02 தான் செல்லும். அதனால் அனுமதிக் கடிதத்தின் நகலை ஒவ்வொரு பெட்டியிலும் வைத்து அனுப்புகிறேன்.