முன்பள்ளி மதிலும் சிரமதானக் கணக்கும்

சாம்பல்தீவுப் பொருளாளர்: எங்கள் முன்பள்ளிக்கு மதில் கட்ட ஒரு நிறுவனம் 9 இலட்சம் ரூபாய் தருகிறது. மொத்தச் செலவில் 25 வீதம் ஊர்ப் பங்காக இருக்க வேண்டுமாம். சிரமதானத்தையும் ஊரார் தரும் மணலையும் பட்ஜெட்டில் தொகை போட்டு எழுதலாமா? தலைவர் வேண்டாம் என்கிறார்.

பழைய செயலாளர்: தலைவர் சொல்வதுதான் சரி, தம்பி. 2004 சுனாமிக்குப் பிறகு வேலைக்குக் காசு என்று வந்தபோது, அதுவரை சும்மா வந்து கானை துப்புரவாக்கியவர்கள் மண்வெட்டியைத் தொடும் முன்பே நாட்கூலி எவ்வளவு என்று கேட்டதை நான் கண்ணால் பார்த்தவன். நீங்கள் ஒரு நாளுக்கு 3000 என்று தாளில் எழுதினால் நாளைக்கு அந்த 3000 எங்கே என்று வருவார்கள்.

கணக்குப்பிள்ளை: ஐயா சொல்லும் பயம் நியாயமானது, ஆனால் அது கூட்டத்தில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், கணக்கில் மறைப்பதால் தீராது. இந்தத் தொகை காசுப்புத்தகத்துக்குள் போகவே போகாது. பட்ஜெட்டில் காசுக்கு ஒரு நிரல், பொருளும் உழைப்பும் என்று பக்கத்தில் இன்னொரு நிரல். வரவில் எவ்வளவு எழுதுகிறீர்களோ அதே தொகை செலவிலும் வரும், மீதி பூச்சியம். அதனால் யாருக்கும் கொடுக்க வேண்டிய காசு என்று ஒன்று அங்கே இருக்காது.

தொகையிலும் கவனம். 9 இலட்சத்தில் 25 வீதம் என்று 2,25,000 எழுதிவிடாதீர்கள். மொத்தத்தில் 25 என்றால் அவர்களுடைய 9 இலட்சம் 75 வீதம், மொத்தம் 12 இலட்சம், உங்கள் பங்கு 3 இலட்சம். உதாரணத்துக்கு, கூலி வேலை 50 ஆள் நாள் 3000 படி 1,50,000, மேசன் 12 நாள் 4500 படி 54,000, மணல் 4 லோட் 20,000 படி 80,000, ஒருவர் இரவலாகத் தரும் கலவை இயந்திரம் 2 நாளுக்கு வாடகை 16,000. கூட்டினால் 3 இலட்சம். விலைகளை உங்கள் ஊர் நடப்புப்படி மாற்றிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து எடுத்திருந்தால் எவ்வளவு முடிந்திருக்கும் என்பதுதான் கணக்கு.

உவர்மலை: அப்படியென்றால் சுலபம். என் மைத்துனர் இன்ஜினியர், அவர் இரண்டு நாள் வந்து கல் தூக்கினால் அவருடைய சம்பளக் கணக்கில் போடலாம்தானே? பங்கு சீக்கிரம் நிறைந்துவிடும்.

கணக்குப்பிள்ளை: இல்லை. ஆளுக்கு விலை கிடையாது, செய்த வேலைக்குத்தான். கல் தூக்கினால் கூலி விலை, மதிலுக்கு வரைபடம் போட்டுத் தந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் இன்ஜினியர் விலை.

மூதூர்க்காரன்: எங்கள் கிணறு வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். நவம்பரில் சிரமதானம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம், மழை பிடித்துக்கொண்டது, பாதி நாள் நடக்கவில்லை. முடிவில் ஊர்ப் பங்கு குறைந்ததால் காசு தந்த நிறுவனமும் கடைசித் தவணையை அதே விகிதத்தில் வெட்டியது. அதோடு வேலைக்கு வந்தவர்களின் வரவுப் பதிவில் எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனையில், ஒரே சாய்வில் இருந்தது, யாரோ வீட்டில் இருந்து நிரப்பியிருக்கிறார்கள். கணக்காய்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடனேயே உண்மையாக வேலை செய்தவர்களின் நாட்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணக்குப்பிள்ளை: அதனால்தான் அன்றன்றைக்கு, வேலை நடந்த இடத்திலேயே எழுத வேண்டும்: பெயர், வந்த நேரம், போன நேரம், என்ன வேலை, கையொப்பம். கீழே மேற்பார்த்தவரும் ஒப்பமிட வேண்டும். மணலுக்குத் தந்தவரிடம் ஒரு கடிதமும் அனுமதிப்பத்திர நகலும். மழைக்காலத்து நாட்களை முழுதாக நம்பி எழுத வேண்டாம். குறையும் என்று தெரிந்தால், அதற்குப் பதில் வேறு என்ன தருவீர்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். அதே மணலை இன்னொரு நிறுவனத்தின் திட்டத்திலும் காட்டிவிடாதீர்கள்.

பழைய செயலாளர்: சரி, இரண்டு நிரல் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த விலைத் தாளை வாசிகசாலைப் பலகையில் ஒட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

சாம்பல்தீவுப் பொருளாளர்: ஒட்டாவிட்டால் ஊருக்கு எப்படித் தெரியும், ஐயா? கூட்டத்தில் வாசிக்கத்தான் போகிறேன்.

மாதர் சங்கம்: ஒரு கேள்வி. அந்த 50 ஆள் நாளுக்கும் மத்தியானச் சாப்பாடு சமைக்கப்போவது நாங்கள். அரிசியைக் கணக்கில் போடுவீர்கள், எங்கள் அடுப்படி நேரம் எங்கே?

கணக்குப்பிள்ளை: அக்கா, அங்கேதான் எனக்கும் சிக்கல். வேலைக்குத் தேவையான நேரம் என்றால் எழுதலாம். ஆனால் நாட்கூலிக்குள் சாப்பாடும் அடங்கும் என்று சில நிறுவனங்கள் பார்க்கும், அப்படியானால் இரண்டு தரம் எண்ணியதாகிவிடும். ஒப்பந்தம் போடுமுன் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மாதர் சங்கம்: கேட்கிறோம். கூடாது என்றால், சாப்பாட்டுக்கு உரியதை ஆண்களின் 3000இல் கழித்து எங்கள் பெயரில் ஒரு வரியாகப் போடச் சொல்லுவோம்.