பெரிய வீட்டுக் குழு: கவிதாவுக்கு ஸ்கூட்டர்

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து எனக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட். வேலை பஸ் ஆயர் ஈத்தாம் பக்கம் இனி வராதாம். ஸ்கூட்டர் வாங்கியே ஆக வேண்டும். என் உயரம் 150 செ.மீ. கால் எட்ட வேண்டும், தனியாகத் தள்ள முடிய வேண்டும். எது நல்லது?

பிரவீன்: யமஹா என்மேக்ஸ் எடுங்க அக்கா. சீட் சுமார் 765 மி.மீ. தான். வாரியோ 160 கூட 778

பத்மா அத்தை: யாருக்கு ஸ்கூட்டர்? தினேஷுக்கா? அவன் இன்னும் லைசென்ஸே எடுக்கவில்லையே

கவிதா: எனக்குத்தான் அத்தை

சித்தப்பா: எடையை எல்லாம் பார்க்காதே அம்மா. ஓட ஆரம்பித்தால் எடை தெரியாது. கொஞ்சம் கனமாக இருந்தால்தான் பினாங்குப் பாலத்தில் காற்றுக்கு ஆடாமல் போகும்.

கவிதா: நான் பாலமே ஏறப் போவதில்லை சித்தப்பா, தீவுக்குள்தான்

மகேன் அண்ணன்: இப்போதுதான் கடையைச் சாத்தினேன். கவிதா, முதலில் உன் கால் நீளத்தை அளந்து சொல். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கெட்டிப் புத்தகத்தைத் தொடை இடுக்கில் நன்றாக மேலே தூக்கிப் பிடி. புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை எவ்வளவு?

கவிதா: அம்மா அளந்தார்கள். 67 செ.மீ.

மகேன் அண்ணன்: சரி. பிரவீன் சொன்ன எண் சரிதான், ஆனால் அது சீட்டின் உயரம் மட்டும். என்மேக்ஸ் சீட் முன்பக்கமே அகலம், கால் வைக்கும் இடத்தில் நடுவே மேடு வேறு. தொடை விரிந்துவிடும், கால் நேராகக் கீழே போகாமல் பக்கவாட்டில் போகும். அதனால் 765 உயரம் உள்ள அகலச் சீட், அதைவிடக் கொஞ்சம் உயரமான ஒல்லிச் சீட்டைவிட எட்டாமல் போகலாம். ஹோண்டா பீட் 740 சொச்சம், முன்பக்கம் ஒல்லி, தரையும் சமம். உனக்கு ஷூ போட்டால் 69, 70 வரும். நீ உட்கார்ந்ததும் ஸ்பிரிங் ஒரு சென்டி அமுங்கும். இரண்டு பாதமும் முழுதாகப் பதியாது, முன்பாதம் பதியும். இடுப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினால் இடது பாதம் முழுதாகப் பதியும். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில்தான், அதனால் ஒரு கால் உறுதியாக ஊன்றினாலே போதும். இரண்டு காலும் பதிய வேண்டும் என்று அடம்பிடிக்காதே.

பிரவீன்: பீட் ரொம்பச் சின்னதாக இருக்கும்ணா

பத்மா அத்தை: எங்கள் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் பக்க ஸ்டாண்டிலிருந்து சரிந்து என் கால் மேல் விழுந்தது, இன்னும் மழை வந்தால் வலிக்கிறது. கவிதா, பஸ்ஸிலேயே போயேன்

கவிதா: ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எந்த பஸ் அத்தை 😔

சித்தப்பா: நம் வீட்டு அந்தப் பழைய இஎக்ஸ் 5 மோட்டார் இருந்திருந்தால் இப்போது யாரும் வாங்கவே வேண்டியதில்லை.

மாலா அக்கா: சித்தப்பா, அதை யார் விற்றது என்று எல்லோருக்கும் தெரியும்

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அம்மா: ஞாயிற்றுக்கிழமை பாட்டி திதி. யார் யார் வருகிறீர்கள், சாப்பாடு எத்தனை பேருக்கு?

மாலா அக்கா: நாங்கள் 4. போன வருஷம் மாதிரி எல்லாச் செலவும் ஒரே வீட்டில் விழக்கூடாது

மகேன் அண்ணன்: நான் வருகிறேன். கவிதா, எடை. சித்தப்பா சொல்வது ஓடும்போது சரி. நிறுத்தி எடுக்கும்போது எல்லாம் உன் கையில்தான். பீட் பெட்ரோலோடு சுமார் 90 கிலோ, வாரியோ 117, என்மேக்ஸ் 131. உன் ஃப்ளாட் கீழே மோட்டார் நிறுத்துகிற இடம் சாய்வா?

கவிதா: ஆமாம் அண்ணா. உள்ளே போகப் போக இறக்கம். எல்லாரும் மூக்கை உள்ளே விட்டு நிறுத்துவார்கள், எடுக்கும்போது மேட்டில் பின்னால் இழுக்க வேண்டும்

மகேன் அண்ணன்: அங்கேதான் பிரச்சினை. பத்தடிக்கு ஓரடி ஏற்றம் என்றால், 90 கிலோவுக்கு 9 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். 131 என்றால் 13. கை நழுவினால் வண்டி இறக்கத்தில் உருண்டுவிடும். அதனால் நீ மூக்கை உள்ளே விடாதே. வெளியிலேயே திருப்பி, பின்பக்கமாக மெல்ல இறக்கு, எடுக்கும்போது எஞ்சினே ஏற்றிக்கொள்ளும். இறக்கும்போது வண்டிக்கு இடது பக்கம் நின்று இடுப்பைச் சீட்டோடு ஒட்டிக்கொள். இடது கை ஹேண்டிலில், விரல் பிரேக்கில். ஸ்கூட்டரில் இடது லிவர்தான் பின் பிரேக், அதனால் வலது கை பின்னால் உள்ள பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். கியர் போட்டு நிறுத்துகிற வழி ஸ்கூட்டரில் இல்லை, எஞ்சினை அணைத்தாலும் சக்கரம் சுலபமாக உருளும். மூக்கை இறக்கத்தில் வைத்துப் பக்க ஸ்டாண்டில் மட்டும் விட்டால் முன்னால் உருண்டு ஸ்டாண்டு மடங்கிவிடும். பீட்டில் இடது பிரேக்கைப் பூட்டுகிற சின்ன லிவர் இருக்கிறது, அதைப் போடு.

பத்மா அத்தை: அதேதான் நடந்தது எங்களுக்கு!! சாய்வுதான்

கவிதா: நடு ஸ்டாண்டு எனக்கு ஏறுமா? போன தடவை மாலா அக்கா வண்டியில் முடியவில்லை

மகேன் அண்ணன்: கையால் தூக்கப் பார்த்திருப்பாய். முதலில் வண்டியை நேராக நிமிர்த்து, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடும் சத்தம் கேட்கும். அப்புறம் வலது காலை அந்த மிதியில் வைத்து உன் உடல் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு ஏறி நில். கை வழிகாட்ட மட்டும். 90 கிலோ வண்டி ஏறிவிடும்.

சித்தப்பா: என் நண்பர் ஒருவர் பழையது விற்கிறார். சீட்டையும் குறைத்து, பின் ஸ்பிரிங்கும் குட்டையாகப் போட்டிருக்கிறாராம். கவிதாவுக்கு ரொம்பப் பொருத்தம்.

மகேன் அண்ணன்: பஞ்சை மட்டும் சீவியிருந்தால் பரவாயில்லை சித்தப்பா, இரண்டு சென்டி குறையும், உட்கார்ந்தால் கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் பக்க ஸ்டாண்டு நீளமாகிப் போகும், வண்டி சாயாமல் நிமிர்ந்தே நிற்கும், ஒரு இடி பட்டாலும் மறுபக்கம் விழும். நடு ஸ்டாண்டில் ஏற்றவும் இன்னும் கஷ்டம்.

சித்தப்பா: இவ்வளவு குறை சொன்னால் எதையும் வாங்க முடியாது

மாலா அக்கா: குறை இல்லை, அவன் வண்டி வேலையில்தானே இருக்கிறான்

மகேன் அண்ணன்: பார்க்கலாம், போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. தள்ளிப் பார்க்கும்போது கனமாக இருந்தால் முதலில் டயரில் காற்று. காற்று சரி என்றால் நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்று. சுற்றிய உடனே நின்றால் பிரேக் உரசுகிறது. அது வண்டியின் எடை இல்லை, சரி செய்துவிடலாம்.

கவிதா: அப்போ சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். வேலை ஷூவோடு. அண்ணா நீங்களும் வர முடியுமா?

மகேன் அண்ணன்: காலையில் முடியாது, மூன்று மணிக்கு மேல். கடையில் உட்கார்ந்து பார்த்து வந்துவிடாதே. வெளியே ஏதாவது மேடு இருந்தால் அங்கே தள்ளச் சொல்லிக் கேள். ஒரு முறை இறக்கிப் பின்னால் இழுத்துப் பார்.

பிரவீன்: வாரியோவையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்க அக்கா

கவிதா: பார்க்கிறேன் டா. 117 கிலோ என்னால் நிமிர்த்த முடிந்தால்

சித்தப்பா: என் நண்பரிடம் ஞாயிறு வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா: ஞாயிறு திதி!! மற்ற யாரும் இன்னும் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. வடை மாலா வீட்டிலா, எங்கள் வீட்டிலா?

மாலா அக்கா: அதைத்தான் நானும் கேட்கிறேன்